காலக்கோட்டுக் கணக்கில் விடை பிழைத்தால்: பிழையான எண்ணை வைத்தே காரணத்தைப் பிடிப்பது

தரம் 6, 7 பிள்ளைகளின் வரலாற்றுப் பயிற்சித் தாளில் தவணைக்கு ஒரு தடவையாவது இந்த வேலை வந்துவிடும். கலைந்து கிடக்கும் சம்பவங்களைக் கால ஒழுங்கில் எழுத வேண்டும், காலக்கோட்டில் குறிக்க வேண்டும், இரண்டு சம்பவங்களுக்கு இடையில் எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட வேண்டும். விடை பிழைத்தால் "கவனமாப் பாரு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுப்பதில் பயனில்லை. பிள்ளை கவனமாகத்தான் பார்த்திருக்கும், பிழையான வழியில். அது எழுதிய எண்ணை நாம் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எந்த வழியில் போனது என்று தெரிந்துவிடும். ஹட்டன் பக்கத்து வகுப்பறையில் நான் செய்வதும், வீட்டில் பிள்ளையோடு உட்காரும் அம்மா அப்பாவுக்கும் அக்காமாருக்கும் சொல்வதும் இதுதான்.

உதாரணத்துக்கு ஒரே தாளை எடுத்துக்கொள்வோம். அதில் கொடுத்திருக்கும் எட்டுச் சம்பவங்கள், கலைந்த வரிசையில்:

மாத்தளைக் கிளர்ச்சி – 1848
எல்லாளன் ஆட்சி தொடங்கியது – கி.மு. 205
இலங்கை சுதந்திரம் – 1948
துட்டகைமுனு ஆட்சி தொடங்கியது – கி.மு. 161
லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது – 1867
சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியது – கி.பி. 993
கண்டி ஒப்பந்தம் – 1815
ரயில் பாதை பதுளையை அடைந்தது – 1924

அறிகுறி: துட்டகைமுனு எல்லாளனுக்கு முன்னால் வந்துவிட்டார்

பிள்ளையின் வரிசை 161, 205, 993, 1815 என்று போகும். ஏன் என்று கேட்டால் "161 சின்ன நம்பர் தானே சேர், அது முதல்ல வரும்" என்று பதில் வரும். எண்களை ஏறுவரிசைப்படுத்தக் கணிதப் பாடத்தில் சொல்லிக் கொடுத்ததை அது சரியாகவே செய்திருக்கிறது. கி.மு. என்ற இரண்டு எழுத்தைத்தான் கண் தாண்டிப் போய்விட்டது.

கதை தெரிந்த பிள்ளையாக இருந்தால் திருத்துவது சுலபம். எல்லாளனைப் போரில் வென்றுதானே துட்டகைமுனு அரசரானார், அப்படியானால் யார் முதலில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால் போதும். ஆனால் கதை தெரியாத சம்பவங்களும் தாளில் வரும். அதற்கு ஒரு பழக்கம் தேவை: வரிசைப்படுத்தத் தொடங்கும் முன் தாளை ஒரு தடவை வாசித்து, கி.மு. உள்ளவற்றை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட வேண்டும். பிறகு வட்டமிட்டவற்றைத் தனிக் குவியலாக வைத்து, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறக்கி எழுத வேண்டும். வட்டமில்லாதவற்றை அதற்குக் கீழே சிறியதிலிருந்து பெரியதுக்கு ஏற்றி எழுத வேண்டும். நம் தாளில் வட்டம் இரண்டுக்குத்தான் வரும். 205, 161 என்று இறங்கிவிட்டு 993, 1815, 1848, 1867, 1924, 1948 என்று ஏற வேண்டியதுதான்.

வெறும் "1848" என்று போட்டிருந்தால் அது கி.பி. தான் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பெரியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். சில பிள்ளைகள் எழுத்தில்லாத ஆண்டைப் பார்த்து இது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

அறிகுறி: துட்டகைமுனுவிலிருந்து சோழர் வரை 832 ஆண்டுகள் என்று விடை வந்திருக்கிறது

கேள்வி கி.மு. 161க்கும் கி.பி. 993க்கும் இடையிலான ஆண்டுகள். 832 எங்கிருந்து வந்தது? 993இலிருந்து 161ஐக் கழித்துப் பாருங்கள், அதே 832 வரும். "இடைவெளி என்றால் கழி" என்று பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இரண்டும் கி.பி. ஆக இருந்தால் அந்த விதி சரி, இரண்டும் கி.மு. ஆக இருந்தாலும் சரி. எல்லாளனிலிருந்து துட்டகைமுனு வரை 205 – 161 = 44 ஆண்டுகள். ஒன்று அந்தப் பக்கமும் மற்றது இந்தப் பக்கமும் இருக்கும்போதுதான் விதி உடைகிறது.

இதை வார்த்தையால் விளக்குவதை நான் விட்டுவிட்டேன். கொப்பியில் ஒரு கிடைக்கோடு போட்டு, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு கீறச் சொல்வேன். இடது பக்கம் கி.மு., வலது பக்கம் கி.பி. இடது பக்கத்தில் 161ஐக் குறித்து, அங்கிருந்து நடுக்கோடு வரை விரலை நகர்த்தச் சொல்வேன். பிறகு நடுக்கோட்டைத் தாண்டி 993 வரை. "இப்ப நடந்தது ஒரு துண்டா, ரெண்டு துண்டா?" என்று கேட்டால் இரண்டு என்று பிள்ளையே சொல்லும். இரண்டு துண்டு என்றால் கூட்ட வேண்டும் என்பதும் அங்கேயே வந்துவிடும். 161 + 993 = 1154.

அந்த 1154 இன்னும் முழுச் சரியில்லை. அதற்குத்தான் அடுத்த அறிகுறி.

அறிகுறி: பிள்ளை 1154 என்கிறது, விடைத்தாள் 1153 என்கிறது (அல்லது மறுபக்கமாக)

ஒரே ஒரு ஆண்டுதான் வித்தியாசம். ஆனால் வீட்டில் அதிகம் சண்டை வருவது இந்த ஒன்றுக்காகத்தான். காரணம், நாம் பயன்படுத்தும் ஆண்டுக் கணக்கில் 0 என்று ஓர் ஆண்டு கிடையாது. கி.மு. 1 முடிந்த மறுநாள் கி.பி. 1 தொடங்குகிறது. இயேசுவின் பிறப்பிலிருந்து ஆண்டை எண்ணும் இந்த முறையை 525ஆம் ஆண்டளவில் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி வகுத்தார். அவர் எழுதியது ரோம எண்களில், அதில் பூச்சியத்துக்குக் குறியீடே இல்லை. கி.மு. என்று பின்னோக்கி எண்ணும் வழக்கம் பிறகுதான் பரவியது, அதிலும் பூச்சியம் புகவில்லை.

கணிதப் பாடத்து எண்கோட்டில் –1க்கும் +1க்கும் நடுவில் 0 இருக்கிறது. ஆகவே இடைவெளி 2. காலக்கோட்டில் கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் இடைவெளி 1 மட்டுமே. வெறுமனே கூட்டும்போது நாம் இல்லாத ஒரு பூச்சிய ஆண்டையும் சேர்த்து எண்ணிவிடுகிறோம். அதனால் கூட்டிய பின் ஒன்றைக் கழிக்க வேண்டும்:

161 + 993 – 1 = 1153

பிள்ளை நம்பாவிட்டால் துண்டு துண்டாக நடக்க வையுங்கள். கி.மு. 161இலிருந்து கி.மு. 1 வரை 160. கி.மு. 1இலிருந்து கி.பி. 1 வரை 1. கி.பி. 1இலிருந்து 993 வரை 992. மூன்றையும் கூட்டினால் 1153. இன்னும் சிறிய எண்ணில் காட்ட வேண்டுமென்றால் கி.மு. 2இலிருந்து கி.பி. 2 வரை கொப்பியில் எழுதி எண்ணச் சொல்லுங்கள். கி.மு. 2, கி.மு. 1, கி.பி. 1, கி.பி. 2. தாண்டியது மூன்று தடவை, நான்கு தடவை அல்ல. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு ஒன்றைக் கழிக்க மறப்பது அபூர்வம்.

வானியலாளர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று கி.மு. 1ஐ 0 என்று எழுதுகிறார்கள். அவர்கள் கணக்கில் கி.மு. 161 என்பது –160. 993இலிருந்து –160ஐக் கழித்தாலும் அதே 1153. மேல் வகுப்புப் பிள்ளை மறை எண் படித்திருந்தால் விடையைச் சரிபார்க்க இது நல்ல வழி.

எல்லா விடைத்தாளும் இந்த ஒன்றைக் கழித்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கீழ் வகுப்புத் தாள்கள் சிலவற்றில் வெறுமனே கூட்டிய விடையே இருக்கும். அப்படியான தாளில் 1154 எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போகாது, 1153 எழுதிய பிள்ளைக்குத்தான் சிக்கல். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, விடையை மட்டும் எழுதாமல் "பூச்சிய ஆண்டு இல்லாததால் 1 கழிக்கப்பட்டது" என்று பக்கத்தில் ஒரு வரி எழுது என்பதுதான். அந்த வரி இருந்தால் திருத்துகிறவர் எந்த முறையைப் பின்பற்றினாலும் பிள்ளை குழம்பிப் போய் எழுதவில்லை என்பது தெரியும்.

அறிகுறி: லூல்கந்துர தேயிலையிலிருந்து சுதந்திரம் வரை 121 ஆண்டுகள்

இது வரலாற்றுப் பிழையே அல்ல. 1948 – 1867 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8இல் 7 போக 1, 6இல் 4 போக 2, 9இல் 8 போக 1. கடன் வாங்கவே இல்லை. சரியான விடை 81.

கடன் வாங்கிக் கழிப்பதை வரலாற்றுப் பாடத்தில் மறுபடி படிப்பிக்க நேரம் கிடையாது. ஆண்டுகளுக்குத் தாண்டி எண்ணும் முறையே நன்றாகப் பொருந்துகிறது. 1867இலிருந்து 1870க்கு 3. 1870இலிருந்து 1900க்கு 30. 1900இலிருந்து 1948க்கு 48. மொத்தம் 81. நூற்றாண்டு மாறும் இடத்தில் ஒரு தடவை நின்று போவதால் பிழை குறைகிறது. காலக்கோட்டில் விரல் வைத்துத் தாண்டவும் இது தோதானது.

அறிகுறி: விடை ஒன்று கூடுதல், அல்லது ஒன்று குறைவு, இரண்டும் கி.பி. ஆக இருந்தும்

இங்கே பூச்சிய ஆண்டைக் குற்றம் சொல்ல முடியாது. கண்டி ஒப்பந்தம் 1815, சுதந்திரம் 1948. ஒரு பிள்ளை 133 என்கிறது, இன்னொன்று 134, மூன்றாவது 132. மூன்று பேரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். கேள்வியைத்தான் மூன்று விதமாக வாசித்திருக்கிறார்கள்.

134 எழுதிய பிள்ளை 1815ஐயும் 1948ஐயும் சேர்த்து ஆண்டுகளை எண்ணியிருக்கிறது. ஐந்து விரலுக்கு நடுவில் நான்கு இடைவெளிதானே, அதுபோல ஆண்டுகள் 134 இருந்தாலும் தாண்டியது 133 தடவைதான். "சேர், 1815ஐயும் எண்ணணுமா?" என்று பிள்ளை கேட்டால் கேள்வியில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். "இடையிலான கால இடைவெளி", "எத்தனை ஆண்டுகளுக்குப் பின்" என்று இருந்தால் கழித்த விடை போதும். "1815 முதல் 1948 வரை, இரு ஆண்டுகளும் உட்பட" என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

132 எழுதிய பிள்ளையை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அது திகதியைப் பார்த்திருக்கக் கூடும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது 1815 மார்ச் 2. சுதந்திரம் 1948 பெப்ரவரி 4. பிறந்தநாள் கணக்கில் பார்த்தால் 1948 பெப்ரவரி 4 அன்று ஒப்பந்தத்துக்கு 133 வயது பூர்த்தியாகவில்லை. மார்ச் 2 வர இன்னும் 27 நாள் இருக்கிறது. பூர்த்தியான ஆண்டுகள் 132தான். பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. கழித்தால் 16, பூர்த்தியானது 15. இங்கேயும் அதே கதை.

ஆகவே கேள்வியில் ஆண்டு மட்டும் இருந்தால் ஆண்டை மட்டும் கழிக்க வேண்டும், 133. திகதி முழுவதும் கொடுத்து "பூர்த்தியான ஆண்டுகள்" என்று கேட்டால் மாதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது திகதியின் மாதமும் நாளும் முதல் திகதியினுடையதற்கு முன்னால் வந்தால் கழித்த விடையில் ஒன்றைக் குறைக்க வேண்டும். தாளில் இல்லாத திகதியை நினைவிலிருந்து கொண்டுவந்து கணக்கில் போட வேண்டாம் என்றும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு பாராட்டு.

அறிகுறி: ஒரே கேள்விக்கு 30, 31 என்று இரண்டு விடை

ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை 1817 – 1818 என்று கொடுத்து, அங்கிருந்து மாத்தளைக் கிளர்ச்சிக்கு எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால் இப்படி ஆகும். தொடக்கத்திலிருந்து எண்ணினால் 31, முடிவிலிருந்து எண்ணினால் 30. "முடிவடைந்து எத்தனை ஆண்டுகளின் பின்" என்று இருந்தால் 1818ஐ எடுக்க வேண்டும், "தொடங்கி" என்று இருந்தால் 1817. ஒன்றுமே சொல்லாவிட்டால் எதிலிருந்து எண்ணினோம் என்று எழுதிவிட்டு விடை சொல்வதுதான் பாதுகாப்பு. காலக்கோட்டிலும் இதைப் புள்ளியாகக் குறிக்காமல், இரண்டு ஆண்டையும் மூடும் சிறு பட்டையாக நிறம் தீட்டலாம்.

அறிகுறி: வரிசையும் கணக்கும் சரி, ஆனால் காலக்கோடு பார்க்கச் சகிக்கவில்லை

எட்டுச் சம்பவத்தையும் ஒரே அளவு தூரத்தில் வரிசையாகக் குறித்திருக்கும். துட்டகைமுனுவுக்கும் சோழருக்கும் நடுவில் 1153 ஆண்டுகள், மாத்தளைக் கிளர்ச்சிக்கும் தேயிலைக்கும் நடுவில் 19 ஆண்டுகள். கோட்டில் இரண்டும் இரண்டு சென்ரிமீற்றர். அப்படிக் கீறியது வரிசைப் பட்டியல்தான், காலக்கோடு ஆகாது.

அளவுத்திட்டம் வைத்துக் கீறச் சொன்னால் அடுத்த தொல்லை. A4 தாளைக் கிடையாக வைத்து 100 ஆண்டுக்கு 1 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் கி.மு. 300இலிருந்து கி.பி. 2000 வரை 23 சென்ரிமீற்றரில் அடங்கிவிடும். கி.மு., கி.பி. எல்லை 3ஆவது சென்ரிமீற்றரில் வரும். எல்லாளன் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரில், துட்டகைமுனு 1.4இல், சோழர் 12.9இல். அதற்குப் பிறகு பாருங்கள்: 1815 முதல் 1948 வரையான ஐந்து சம்பவமும் 1.3 சென்ரிமீற்றருக்குள் நெருக்கியடித்து நிற்கும். எழுத இடமிருக்காது. பிள்ளை அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளைக் கிழிப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு இரண்டு கோடு கீற வேண்டும். மேல் கோடு முழுக் காலத்துக்கும். அதில் 1800 – 1950 பகுதியைச் சிறு பெட்டியாக அடைத்து, கீழே அந்தப் பகுதிக்கு மட்டும் இன்னொரு கோடு. இந்த இரண்டாவது கோட்டில் 10 ஆண்டுக்கு 1 சென்ரிமீற்றர், அதாவது அடிமட்டத்தின் ஒரு மில்லிமீற்றர் ஓர் ஆண்டு. 1800ஐ 0இல் வைத்தால் ஒப்பந்தம் 1.5, மாத்தளை 4.8, தேயிலை 6.7, பதுளை ரயில் 12.4, சுதந்திரம் 14.8. ஆண்டிலிருந்து 1800ஐக் கழித்துப் பத்தால் வகுத்தால் இடம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைக்கு இது பிடித்துவிடும், கணக்கே தேவையில்லாமல் அடிமட்டத்தையே பார்த்து இடைவெளியைச் சொல்லத் தொடங்கும். 6.7க்கும் 14.8க்கும் நடுவில் 8.1, அப்படியானால் 81 ஆண்டு. முன்னால் 121 எழுதிய பிள்ளைக்குத் தன் பிழை தானாகவே தெரிகிற இடமும் இதுதான்.

மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் அளவு வேறு என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் திருத்துகிறவர் குழம்புவார்.

ஒரே ஆண்டில் இரண்டு சம்பவம் வந்தால், ஒன்றைக் கோட்டுக்கு மேலும் மற்றதைக் கீழும் எழுதிவிடலாம். ரயில் கண்டிக்கு வந்ததும் 1867தான். அதையும் தாளில் சேர்த்தால் தேயிலையோடு ஒரே புள்ளியில் நிற்கும். எது முதல் என்று மாதம் கொடுத்திருந்தால் ஒழிய யோசிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: நூற்றாண்டைக் கேட்டால் ஒன்று தள்ளிப் போகிறது

1867ஐ 18ஆம் நூற்றாண்டு என்று எழுதுவது. 1801 முதல் 1900 வரை 19ஆம் நூற்றாண்டு, அவ்வளவுதான். கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிட்டு மிச்சத்தோடு ஒன்றைக் கூட்டு என்று சொன்னால் பிடித்துக்கொள்ளும், 1800, 1900 போன்ற முழு நூறுகளுக்கு மட்டும் கூட்டக் கூடாது. கி.மு.விலும் இதே வழி: 161 என்பது கி.மு. 2ஆம் நூற்றாண்டு, 205 என்பது கி.மு. 3ஆம் நூற்றாண்டு. ஆனால் கி.மு. 3ஆம் நூற்றாண்டு 300இல் தொடங்கி 201இல் முடிகிறது என்பதைக் கோட்டில் காட்டாமல் சொன்னால் ஏறாது.

அறிகுறி: முறை எல்லாம் சரி, விடை மட்டும் விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஆண்டையே. மலையகத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியதை 1823 என்று ஒரு புத்தகத்திலும் 1824 என்று இன்னொன்றிலும் காணலாம். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவு 2023இல் நடந்தது முதல் எண்ணை வைத்து. அங்கிருந்து 1867க்கு 44 ஆண்டு என்பதும் 43 என்பதும் இதனால்தான். போர்த்துக்கேயர் வருகைக்கும் 1505, 1506 என்று இரண்டு வழக்கு உண்டு. பிள்ளை பாடப்புத்தகத்திலிருந்தோ ரியூஷன் குறிப்பிலிருந்தோ ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு தாளில் உள்ளதைப் பார்க்காமல் எழுதியிருக்கும். பிள்ளை எழுதிய இரண்டு ஆண்டையும் தாளில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் தாளில் உள்ள ஆண்டையே எடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். தன்னிடம் உள்ள ஆண்டைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு வகுப்பில் கேட்கட்டும்.